வடகிழக்கு மூலையின் தேங்காய்

பாலக்கோடு சாலையில் ஒரு லாரி எடைமேடை வைத்திருக்கிறேன். என் எடையைக் குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிடும். கரும்பு டிராக்டரோடு வந்த அந்த அம்மாவிடமும் அப்படித்தான் கத்தினேன்.

"வண்டி பின்னால நின்னா அறுபது கிலோ கொறையுதுங்கண்ணா. முன்னால தள்ளி நிறுத்துனா சரியா வருது. என் கரும்பு எங்க போச்சு?"

"மேடை கரும்பு திங்குதான்னு கேக்கறீங்களா? வேற எங்கயாச்சும் போட்டுக்கங்க!"

அவரும் வேறு எங்கோ போய்விட்டார். மறுநாள் மேடையைச் சோதித்து அரசு முத்திரை போட அதிகாரி வரவேண்டியிருந்தது. மேடை தவறினால் கரும்பு வெட்டு நடக்கும் சீசனில் பூட்ட வேண்டியதுதான். சேலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். இருபது கிலோ இரும்பு எடைக்கற்கள் ஐம்பது கொண்டுவந்தார்; மொத்தம் ஒரு டன்.

காலி மேடையில் பூஜ்யம் சுத்தமாக நின்றது. பார்த்தீங்களா என்று மீசையை முறுக்கினேன். அவர் என்னை ஐம்பது கல்லையும் ஒவ்வொரு மூலையாக மாற்றி மாற்றி அடுக்க வைத்தார். மூன்று மூலையில் ஆயிரம். வடகிழக்கில் தொள்ளாயிரத்து நாற்பது! என் இடுப்பு அப்போதே போய்விட்டது, மானமும் கூடவே போனது.

"அந்த மூலையில எடையை உணர்ற லோட்செல் போச்சுங்களா?"

"அவசரப்படாதீங்க." வயர்கள் கூடும் பெட்டியைத் திறந்தார். ஈரமில்லை, எலிக்கடியும் இல்லை.

"அந்த மூலையை மட்டும் இங்கயே திருகி எடையை ஏத்திவுட்ருங்களேன்."

"கீழ எதாச்சும் முட்டிக்கிட்டு இருந்தா, இன்னிக்கு ஆயிரத்துக்குச் சரியா காட்டும். நாளைக்குப் பத்து டன்னுல மானத்த வாங்கிரும். மொதல்ல குழியப் பாருங்க."

டார்ச்சோடு தவழ்ந்து போனேன். மேடையின் இரும்புக்கும் தளத்துக்கும் நடுவே கெட்டியாக ஒரு மண் மேடு, அதற்குள் தேங்காய் ஓடுகள். ஐயோ! அமாவாசைக்கு அமாவாசை ஈசான மூலையில் நான் தேங்காய் உடைப்பேன். ஓடு இடுக்கில் விழுந்து, சக்கரத்துச் சேறோடு இறுகியிருக்கிறது. காலியாக இருக்கும்போது அது தொடாது. பாரம் ஏறி மேடை அமுங்கினால் கொஞ்சத்தை அது தாங்கிக்கொள்ளும். எடை நல்லா ஓடணும் என்று வேண்டித்தான் உடைத்தேன்.

ஓடுகளைச் சுரண்டி எடுத்தபின் நான்கு மூலையிலும் ஆயிரம் வந்தது. மறுநாள் முத்திரையும் விழுந்தது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அந்த அம்மாவிடம் கத்தியது உறுத்திக்கொண்டே இருந்தது. சீட்டுப் புத்தகத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, "தப்பு எம்மேலதாங்க, அமாவாசைக்கு நான் உடைச்ச தேங்கா ஓடுதான் மேடைய முட்டிக்கிட்டு இருந்துச்சு, வந்து ஒருதரம் போட்டுப் பாருங்க" என்றேன்.

வந்தார். டிராக்டரை முன்னால், பின்னால் என்று மூன்று முறை நிறுத்தச் சொன்னார். மூன்று முறையும் ஒரே எடை. சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"வர்ற அமாவாசைக்குத் தேங்காய் நான் வாங்கியாறேங்கண்ணா. எங்க உடைக்கணும்னு மட்டும் நான் சொல்லுவேன்."