ஒத்துக்கொள்ளாத எம்பார்கோ

நிருபர்கள் அவளை ‘பிரஸ்மீட் அக்கா’ என்பார்கள். அழைப்பு அனுப்பி, போன் போட்டு, நச்சரித்து அவர்களை வரவழைப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்பும் இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. போன இரண்டு கூட்டங்களிலும் காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் வேலை பார்க்கும் பி.ஆர். ஏஜென்சி முதலாளியின் முகம் கடுகடுத்தது. “இந்தத் தடவையும் ஹால் நிறையலைன்னா நாம வேற மாதிரி பேசணும்” என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை காது கேட்கும் கருவி ஒன்றின் அறிமுகம். வாடிக்கையாளர் ஒரு சின்னக் கம்பெனி, கருவியை உருவாக்கியவரே அதன் ஓனர். வியாழன் காலை பதினொரு மணி, ஹோட்டல் இரண்டாம் மாடி அரங்கு. செய்தியைப் பன்னிரண்டு மணி வரை வெளியிடக்கூடாது என்று நிபந்தனை, அதாவது எம்பார்கோ. அதன்பின் முன்பதிவு செய்தவர்களுக்கு அவரோடு தனிப்பேட்டி. அழைப்பை அழகாகத்தான் எழுதினாள்.

இதில் ஒரு முறை உண்டு. முதலில் அழைப்பு மட்டும் போகும். எம்பார்கோவுக்குச் சம்மதம் என்று நிருபர் பதில் போட்ட பிறகே கருவியின் விவரமும் படங்களும் போகும். இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்தாள். ஆனால் திங்கள் முழுக்க ஒருவரும் பதில் போடவில்லை. விவரத்தைப் பார்த்தாலாவது ஆசைப்பட்டு வரமாட்டார்களா என்று, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எல்லோருக்கும் தட்டிவிட்டாள். பாவி மனுஷி, பொறுத்திருக்கக் கூடாதா?

புதன் மதியம் ஓர் இணையதளத்தில் செய்தி வந்துவிட்டது. அந்த நிருபரைக் கூப்பிட்டாள்.

“தம்பி, நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் போடக்கூடாதுன்னு மேலேயே எழுதியிருந்தேனே?”

“எழுதியிருந்தீங்கக்கா. நான் ஒத்துக்கிட்டேனா?”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அடுத்து மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவன் போட்டாச்சு, நாங்க மட்டும் காத்திருக்கணுமா என்றார்கள். நியாயம்தான். எம்பார்கோ நீக்கப்பட்டது என்று எல்லோருக்கும் எழுதினாள். சாயங்காலத்துக்குள் ஆளுக்கு நாலு வரி போட்டு முடித்துவிட்டார்கள்.

முடிந்த செய்திக்கு எவன் வருவான்? வியாழன் பதினொன்றரைக்கு அரங்கில் கேமராக்காரர் ஒருவர் மட்டும் இருந்தார். அவரும் இவர்கள் வாடகைக்கு அமர்த்தியவர். பேட்டி அறையில் ஓனர் புதுச்சட்டை போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“முதல் பேட்டி யாருக்குமா?”

“யாரும் வரலை சார். என் தப்பு.”

“செய்தி வந்துடுச்சுல்ல, அது போதாதா?” என்று அவரே அவளைத் தேற்றினார். அது இன்னும் வலித்தது.

முதலாளி சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெளியே கூட்டிப்போய், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“நிருபர்கள் நம்பரெல்லாம் உங்க போன்லதானே இருக்கு? திங்கக்கிழமை புதுப் பொண்ணு ஒண்ணு சேருது. அதுக்கு அனுப்பிவிட்டுடுங்க.”