லாவா, பலாவா

துறைமுகத்தில் கையைக் கிழித்துக்கொண்ட அரபு மாலுமி ஒருவரை ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். வளைகுடாவில் லாரி ஓட்டியபோது நான் காதால் பிடித்த அரபியை நம்பி, பேச்சுத் துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஊசியில் பென்சிலின் ஏற்றியபடி நர்ஸம்மா சொன்னார்: “அலர்ஜி கிலர்ஜி கீதான்னு கேளு நைனா.”

“அலைஸ இந்தக ஹஸாஸிய்யா?” என்றேன். உங்களுக்கு ஒவ்வாமை இல்லையா என்று பொருள். முனகலுக்கு நடுவே “லா” என்று காதில் விழுந்தது. லா என்றால் இல்லை.

“இல்லியாம்மா.”

அவர் பஞ்சால் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘இல்லையா’ என்று கேட்டால், இருப்பவர் ‘பலா’, அதாவது ‘இருக்கிறதே’ என்றுதான் மறுப்பார். அந்த ‘ப’வை முனகல் விழுங்கியிருந்தால்?

“நிறுத்தும்மா.”

“இன்னா நைனா, பேஜாரு பண்ற?”

மாலுமியின் பக்கம் குனிந்தேன். இந்த முறை ‘ஹல்’ என்ற கேள்விச் சொல்லைப் போட்டு, ‘இல்லை’யைச் சேர்க்காமல் நேராகக் கேட்டேன்.

“ஹல் இந்தக ஹஸாஸிய்யா?” ஒவ்வாமை இருக்கிறதா?

“நஅம்.” ஆமாம்.

“மின் மாதா?” எதனால்?

“பென்சிலின்.”

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நர்ஸம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

“மொதல்லயே இப்டி கேட்டுருக்கக் கூடாதா நைனா?”

அதற்கு ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.