நாலு நாளு வீட்லயே பாக்கறேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கடிதம் அடிப்பது, தபால் பிரிப்பது, முதலாளியின் மேஜையில் காகிதங்களைக் கொண்டுபோய் வைப்பது எல்லாம் என் வேலை. அதனால் யார் என்ன கேட்டாலும் அது என் கையைத் தாண்டித்தான் அவரிடம் போகும்.

எனக்கு அடுத்த மேஜையில் கிராப் போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். புடவை முந்தானைக்கு வரைந்த படத்தைக் கட்டம் போட்ட கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி எடுப்பார். அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. பின்கட்டில் அட்டை குத்துகிறவர் தாளைப் பார்த்துத் துளை போடுவார். அட்டைகளைக் கோத்துத் தறியின் தலையில் மாட்டினால் முந்தானையில் மயில் வரும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும்.

ஒரு வியாழக்கிழமை அவர் துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார். "மொதலாளி, நாலு நாளு வீட்லயே வேல பாக்கறேன்" என்று இருந்தது. வேறு ஒன்றுமில்லை. கொண்டுபோய் வைத்தேன். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார்.

"வூட்ல வேலயா? லீவு வேணும்னா லீவுன்னு கேக்கச் சொல்லும்மா."

அண்ணன் முகம் வாடிவிட்டது. லீவு எடுத்தால் சம்பளம் போகும். அதோடு அந்த முந்தானை தீபாவளிச் சேலைக்கானது. வேலையை நிறுத்த அவருக்கே மனமில்லை.

"நான் நல்லா எழுதித் தரேன்ணா" என்றேன். எனக்கு என் தமிழின் மேல் அப்போது பெரிய நம்பிக்கை. 'மேன்மை பொருந்திய முதலாளி அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்கி, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக', 'கருணை கூர்ந்து' என்று ஒரு பக்கம் அடித்துவிட்டேன். முதலாளி அதை முழுக்கப் படித்தார். திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"குடும்பச் சூழ்நிலைன்னா இன்னா? எனக்குந்தான் குடும்பம் கீது. இவுரு வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவாரு, அட்ட குத்தறவரு யாரப் பாத்துகினு நிப்பாரு? போன வருசம் நம்ம டிசைனு வேற தெருவுல தறி ஏறிச்சே, அது எப்டி வெளிய போச்சு? இதுக்கெல்லாம் இதுல எங்க பதிலு?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வெளியே வந்து யோசித்தபோது, என் கடிதத்தில் இல்லாததை எல்லாம் அவரே வரிசையாகச் சொல்லிவிட்டார் என்று பட்டது. இன்றைக்கும் அதற்காக அவருக்கு நன்றி சொல்வேன். கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அண்ணனை உட்கார வைத்துக் கேட்டேன். "வூட்ல இன்னா ஆச்சுண்ணா?"

அவர் தயங்கினார். மனைவிக்கு ஏழாவது மாதம். இரண்டு நாளாக உதிரம் படுகிறதாம். எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தெள்ளாரில் இருக்கும் மாமியார் அறுப்பு முடித்து அடுத்த சனிக்கிழமைதான் வருகிறார். இந்தச் சனி வரை பகலில் பக்கத்து வீட்டம்மாள் பார்த்துக்கொள்வார்; அதன்பிறகு அவரால் மாலையில்தான் வர முடியும்.

"இத்த ஏண்ணா எழுதல?"

"பொம்பள சமாச்சாரம்மா. ஆபீசு காயிதத்துல எப்டி எழுதறது?"

மனைவியின் உடம்பைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்று அவரையே கேட்டேன். 'மருத்துவர் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்' என்பது வரை போதும் என்றார். பிறகு எத்தனை தாள் பாக்கி, எதை வீட்டில் செய்ய முடியும், எதை முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். 'நாலு நாள்' என்று அவர் சும்மா வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார். கணக்குப் பார்த்தால் ஆறு நாள் வேண்டும்.

புதிதாக அடித்தது இது:

'ஐயா, என் மனைவியை மருத்துவர் ஒரு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. மாமியார் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுவார். ஆகையால் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் வீட்டிலிருந்து கிராப் வேலை செய்ய அனுமதி கேட்கிறேன். முந்தானையில் ஆறு தாள் பாக்கி. நாளுக்கு ஒன்றாக முடிப்பேன். தினமும் மாலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டம்மாள் துணைக்கு வருவார். அப்போது முடித்த தாளை நானே கொண்டுவந்து கொடுத்து, அட்டை குத்துபவரின் சந்தேகங்களைத் தீர்த்துவிட்டுப் போவேன். மூலப்படம் அலுவலகத்திலேயே இருக்கும். அன்றைய தாளுக்கான பகுதியை மட்டும் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்வேன். சாயக்காரருடன் நிறம் பார்க்கும் வேலையை வீட்டிலிருந்து செய்ய இயலாது. அதை இந்தச் சனிக்கிழமையே முடித்துவிடுகிறேன்.'

முதலாளி இரண்டு முறை படித்தார். "பாவம், இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். 'ஒரு நாளாவது தாள் வராவிட்டால் மறுநாள் அலுவலகம் வரவேண்டும்' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நாளும் தாள் வராமல் இல்லை. புதன்கிழமை மட்டும் ஒரு வரியில் கட்டம் கூடிவிட்டது. நான்கு மணிக்கு அண்ணன் வந்ததும் அட்டை குத்துகிறவரும் அவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எண்ணி, உடனே திருத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

விஷயம் பரவிவிட்டது. பட்டு நிறுத்துக் கொடுக்கிறவர் தங்கை கல்யாணத்துக்கு ஐந்து நாள் "வூட்லயே வேல" என்று வந்து நின்றார்.

"தராசு எங்கண்ணா கீது?"

"இங்கதான்."

"அப்ப வூட்ல இன்னாத்த நிறுப்பீங்க?"

அவரே சிரித்துவிட்டார். அவருக்கு லீவு லெட்டர்தான் எழுதினேன். அவர் இல்லாத நாளில் யார் நிறுப்பார் என்பதையும் சேர்த்து எழுதியதால் அதுவும் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து என் அப்பாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் ஆயிற்று. ஓய்வுபெற்ற வாத்தியார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆரணி வீட்டுக்கு வந்த பிறகும் கட்டுப் பிரிக்கும்வரை தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்கு எனக்காக ஒரு வரி ஓடவில்லை. காகிதத்தைச் சொருகிவிட்டு, கெஞ்சுவது போல ஆகிவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

கிராப் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தினி நாளும்மா? எந்த வேலய வூட்டுக்கு எடுத்துகினு போவ? மெஷினு யாருது?"

மெஷினைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாடகைக்கு எடுக்கலாம் என்றார். கடிதங்களை முதலாளி காலையில் சொன்னால் தானே எழுதிக்கொண்டு சாப்பாட்டு வேளையில் சைக்கிளில் கொண்டுவந்து தருவதாகவும், அடித்ததை அப்போதே வாங்கிப் போவதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் அவர் கையாலேயே, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது போல எழுதினார். முதலாளி அன்றே சம்மதித்தார்.

அந்த ஏழு நாளும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் மெஷினை வைத்து அடித்தேன். மெஷினின் தட்டலையும் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் அது அடிக்கும் மணியையும் கேட்டுக்கொண்டே கண்ணில் கட்டோடு அவர் படுத்திருப்பார். சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று முதல் நாள் பயந்தேன், தன்னால் என் வேலைக்குத் தொந்தரவோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஏதோ யோசனையில் இருந்தபோது மெல்லச் சொன்னார்:

"மணி அடிச்சிடுச்சும்மா. வரி முடிஞ்சிது பாரு."