நான் இல்லாவிட்டால் லைன் என்னாகும்

என் மேலாளரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே கூப்பிடுவேன். என்னைவிட வயதில் ரொம்ப இளையவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எதையும் படம் போட்டு விளக்குகிறவர். அவர் என்னை அக்கா என்பார். அதில் மரியாதை இருக்கிறதா, வயதைக் குத்திக் காட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். இன்டர்நெட் லைன் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்கும் சாட்டை நாங்கள் கவனித்துக் கொடுக்கிறோம். வாடிக்கையாளருக்கு முதலில் பதில் சொல்வது இயந்திரம். அது தமிழில் உளறுகிறதா என்று பார்ப்பதும், அதற்குக் கைமீறிப் போனால் நடுவில் புகுந்து பேசுவதும் என் வேலை.

மனம் உடைந்து எழுதுகிறவர்களைக் கண்டுபிடிக்க அந்த இயந்திரத்துக்கு ஒரு வசதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகப் பார்க்கும். சாவு சம்பந்தமான சொல் வந்தால் மணி அடிக்கும். உடனே உதவி எண்களோடு ஒரு தயார் பதில் போகும். நம் பிள்ளைகள் பேசும் லட்சணம்தான் தெரியுமே. கேம் விளையாடும்போது லைன் தடுமாறினால் 'செத்தேன் லா' என்று எழுதுவான் ஒருவன். இயந்திரம் பதறிப்போய் அவனுக்கு ஆலோசகர் எண்ணை அனுப்பும். அவன் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிச் சிரிப்பான். நிறுவனத்துக்கு மானம் போயிற்று. எங்கள் தம்பி என்ன செய்தார் என்றால், பச்சையாகச் சாகப்போகிறேன் என்று எழுதினால் மட்டுமே மணி அடிக்கும்படி மாற்றிவிட்டார்.

"தம்பி, உண்மையா சாக நினைக்கிறவன் அப்படிப் பச்சையா எழுத மாட்டான்" என்றேன்.

"அக்கா, நாம லைன் விக்கிறோம். ஆஸ்பத்திரி நடத்தல" என்றார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் சுமுகமாகப் பேசிக்கொண்டதே இல்லை. வேலைக்கு வேண்டியதைப் பேசுவோம், அதையும் முகம் பார்க்காமல் பேசுவோம்.

ஒரு நாள் காலை, கீழே கோப்பிக்கடையில் வாங்கிய தேநீரோடு வந்து உட்கார்ந்தேன். என் திரையில் ஒரு பெயர் மாற்றம் காத்துக்கொண்டிருந்தது. லைனை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற, மனிதர் ஒருவர் சாட்டைப் படித்துவிட்டு ஒப்புதல் பட்டனை அழுத்த வேண்டும். அந்த விதி மட்டும் இல்லையென்றால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஏனென்றால் அந்த வாடிக்கையாளர் முழுத் திருப்தி என்று ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நிபோங் திபால் ஊர்ப் பக்கத்து முகவரி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார்.

"லைன் என் பேர்ல இருக்கு. நான் இல்லாமப் போயிட்டா தானா கட் ஆயிடுமா, இல்ல வைஃப் வந்து அலையணுமா?"

இயந்திரம் அழகான தமிழில் பதில் சொல்லியிருந்தது: "கணக்கு உரிமையாளர் காலமானால், அவரது வாரிசு இறப்புச் சான்றிதழின் நகலுடன் அருகிலுள்ள கிளைக்கு வரலாம்."

"அவளுக்கு அந்த அலைச்சல் வேணாம். இன்னைக்கே அவ பேருக்கு மாத்திடுங்க. பசங்க படிக்கிறாங்க, லைன் நிக்கக் கூடாது."

"மகிழ்ச்சியுடன் உதவுகிறேன். இருவரின் அடையாள அட்டைப் படங்களை அனுப்பவும்."

அனுப்பியிருந்தார். கடைசியாக ஒரு வரி: "நன்றி. இனி என்னால யாருக்கும் தொல்லை இல்ல."

"உங்கள் நாள் இனிதாக அமையட்டும்" என்று வாழ்த்தியிருந்தது இயந்திரம்.

தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஒரு செய்தியிலும் சாகப்போகிறேன் என்று பச்சையாக எழுதியிருக்கவில்லை. அதனால் மணி அடிக்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ஆனால் அது சேர்த்துப் படிக்காது. கேள்விக்கு எந்தக் குறிப்பு பொருந்துகிறது என்று தேடி எடுத்துக் கொடுத்துவிட்டது.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"அவரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவரா இருக்கலாம். இல்ல, சீக்காளியா இருக்கலாம். அப்பா செத்துப் போய் லைனை மாத்த வர்றவங்க எத்தன பேரு? எல்லாருக்கும் அந்த உதவி எண் பதிலை அனுப்பினா செருப்பால அடிப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்பாவுக்காகக் கேட்டா அப்பான்னு எழுதுவாங்க. இவரு நான்னு எழுதியிருக்காரு. சந்தேகம்னா கேட்டுப் பாக்கலாமே."

"கேக்கப் போய், இல்லாத நினைப்பை நாமளே தூண்டி விட்டுட்டா? டெம்ப்ளேட் இருக்கு. வக்கீல் பாத்தது. அதை அனுப்புங்க."

அந்தத் தயார் பதிலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கும். ஒரு வரிசை எண்கள். பிறகு, தேவைப்பட்டால் உரிய அதிகாரிகளுக்குத் தகவல் அளிக்கப்படும். கடைசியில், இந்த உரையாடல் இத்துடன் முடிவடைகிறது.

"இதைப் படிச்சா அவருக்கு என்ன தோணும்னு தெரியுமா தம்பி? போலீஸ் வருதுன்னு தோணும்."

தற்கொலைக்கு முயன்றால் இந்த நாட்டில் சிறை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சட்டத்தை இப்போது நீக்கிவிட்டார்கள். ஆனால் அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? அதிகாரிகள் என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் மனிதர் போனை அணைத்துவிடுவார். அணைக்காவிட்டாலும், கதவைச் சாத்திவிட்டுத்தானே நாம் போகிறோம்.

எங்கள் நிறுவனம் ஒப்பந்தத்தில் வைத்திருந்த மனநல ஆலோசகர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பேச்சு கத்திரி போல இருக்கும்; எனக்கு அவரையும் பிடிக்காது. மேலாளரைக் கேட்காமல் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, சாட் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"நேரா கேளுங்க" என்றார் அவர். "கேட்டா தூண்டிவிட மாட்டோம். கேக்காமப் போனாத்தான் யாருக்கும் அக்கறை இல்லன்னு ஆயிடும். சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

நான் வேகமாக எழுதி வாசித்தேன். வாழ்க்கை அழகானது, பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்றெல்லாம் போட்டிருந்தேன்.

"பிள்ளைங்களைப் பத்தி எழுதாதீங்க. நாம இல்லாட்டி அவங்களுக்குப் பாரம் குறையும்னுதான் அவரு நினைக்கிறாரு. குற்ற உணர்ச்சியை ஏத்தாதீங்க. அழகும் வேணாம். எண் ஒண்ணு போதும், வரிசையா வேணாம். சாட்டை மூடாதீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீக்கினேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"அண்ணே, நான் இயந்திரம் இல்லை, இங்கே வேலை செய்யும் ஒரு பெண். நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் இல்லாமல் போனால் என்று எழுதியிருக்கிறீர்கள், யாருக்கும் தொல்லை இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னியுங்கள். அப்படி இருந்தால், இப்போதே பேச ஒரு ஆலோசகர் என்னோடு இருக்கிறார், அவர் எண் கீழே இருக்கிறது. நான் சாட்டை மூடவில்லை."

"இது வக்கீல் பாக்கல" என்றார் மேலாளர்.

"வக்கீல் வந்து பாக்கிற வரைக்கும் அவரு காத்திருப்பாரா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினேன். அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலகிப் போ என்று சொல்லத் தோன்றியது. ஆனால் தனியாக அந்தத் திரையைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் படித்துவிட்டார் என்று திரை காட்டியது. அலுவலகத்தில் மற்றவர்கள் கீபோர்டுகளைத் தட்டும் சத்தம்கூட எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

பிறகு பதில் வந்தது: "உங்களுக்கு என்ன அதுல? பேர் மாத்திட்டீங்களா இல்லையா?"

"இன்னும் மாற்றவில்லை அண்ணே. லைன் நிற்காது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் என்னால் பட்டனை அழுத்த முடியவில்லை."

"நீங்க பட்டன் அமுக்கத்தானே சம்பளம் வாங்குறீங்க." அடுத்து ஒரு கெட்ட வார்த்தை. அதற்கடுத்து: "போலீஸ்ல சொல்வீங்களா?"

நான் மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். போனிலிருந்து ஆலோசகர், "பொய் சொல்லாதீங்க" என்றார்.

"அது இப்போது குற்றம் இல்லை அண்ணே, யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் இந்த நிமிடம் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால், உதவிக்கு ஆளை அனுப்பச் சொல்வேன். அதை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?"

அவர் தட்டுவதும் நிறுத்துவதுமாகத் திரை காட்டியது.

"மச்சான் பின் வீட்டுல இருக்கான். அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். அவரை வந்து கூட உட்காரச் சொல்லுங்கள். மீதியை ஆலோசகர் உங்களோடு பேசட்டும். கூப்பிடச் சொல்லட்டுமா?"

"சரி."

அந்த ஒரு வார்த்தையை வாசித்து, கணக்கிலிருந்த அவர் எண்ணை ஆலோசகரிடம் சொன்னேன். ஆலோசகர் எங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் ஆலோசகருக்கு முன்பே படித்துக் காட்டியிருந்ததால், அந்த மனிதர் முதலிலிருந்து இன்னொருவரிடம் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: எடுத்துவிட்டார், மச்சான் வந்துவிட்டார், மனைவிக்கும் சொல்லியாயிற்று. நான் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

திரும்பி வந்தபோது மேலாளர் படம் போட்டுக்கொண்டிருந்தார். இனி இறப்பைப் பற்றிய கேள்வி வந்தால் இயந்திரம் பதில் சொல்லுமுன் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று மென்மையாகக் கேட்க வேண்டும். 'நான்' என்று வந்தால் மனிதரிடம் கைமாற வேண்டும். முழு உரையாடலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதிகாரிகள் வரியை எடுத்துவிட வேண்டும். எல்லாம் நான் கத்தியவைதான். எதிலும் என் பேரைப் போடவில்லை. போட்டிருந்தாலும் அவரைத் திட்டியிருப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் அதே சாட்டில் ஒரு செய்தி வந்தது. எழுதியது அவருடைய மனைவி.

"அவரு இப்ப என் எதிர்ல உக்காந்திருக்காரு. போன்ல இருந்த மெசேஜ் எல்லாத்தையும் என் பெரிய மகன் படிச்சிட்டான். அப்பா கேட்டதுக்கு டெத் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லியிருக்கீங்க. அதை எழுதுனது யாருன்னு அவன் என்னைக் கேக்கிறான். நான் என்ன சொல்ல?"

மேலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"சாரி சொல்லி ஒண்ணு எழுதுங்க அக்கா. உங்க தமிழ் நல்லா இருக்கும்."

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்க எழுதுங்க தம்பி."

அவர் உட்கார்ந்தார். 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அடித்து, அழித்தார். 'அது இயந்திரத்தின்' என்று தொடங்கி, அதையும் அழித்தார். எனக்குப் பசித்தது. ஆனாலும் அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன், அவர் 'நாங்கள்தான்' என்று அடிக்கும்வரை.