பொன்மலர் டீச்சரும் ஒச்சம்மாளின் காதும்

பொன்மலர் டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. முன்பே எழுதச் சொல்லியிருந்தால் வயிற்றெரிச்சலைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். அது இப்போது முழுசாக அணைந்துவிட்டது என்று சொன்னால் பொய். இந்தக் கதையில் நல்லவர் அவர்தான், நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போடியில் எங்கள் பள்ளிக்கு அவர் தமிழாசிரியையாக வந்தபோது, நான் அங்கே பதினான்கு வருஷத் தமிழய்யா. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு என் கோட்டை. 'ஆ' பிரிவை அவருக்குக் கொடுத்தார்கள். நரம்பாக ஓர் உருவம், வெளிறிய காட்டன் புடவை, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். கம்பெனி ஒட்டும் ஆங்கில அறிவிப்பை லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்குப் படித்துச் சொல்வது சின்ன வயதிலேயே அவர் வேலையாம். ஒருமுறை வார்த்தைக்கு வார்த்தை சொல்லப்போய், லீவு நாள் என்று நினைத்து ஒரு லயமே வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் சம்பளம் பிடித்தார்கள். "எங்க அப்பா என்னைய அடிக்கலைங்கய்யா. சும்மா பாத்துக்கிட்டே இருந்தாரு. அதுக்கு அடிச்சிருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னார். அப்போது எனக்கு அது வெறும் கதை.

தமிழ்த் தாளில் ஒரு கேள்வி உண்டு. நாலைந்து வரி ஆங்கிலம் கொடுத்து, தமிழில் எழுது என்பார்கள். ஐந்து மதிப்பெண். எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு அது பாகற்காய். நான் அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் பொருள் எழுத வேண்டும். பிறகு அவற்றை வரிசையாகக் கோக்க வேண்டும். ஒரு சொல் விட்டால் அரை மார்க் போச்சு. பிள்ளைகள் நடுங்கி நடுங்கி எழுதுவார்கள். விட்ட சொல் எது என்று நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பொன்மலரின் வகுப்பில் நடந்தது வேறு கூத்து. பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் 'என்ன நடந்துச்சு தெரியுமா' என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் எழுத வேண்டும். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திறந்து, பெயர், எண், காலம், யார் யாருக்கு என்ன செய்தார், நடந்ததா நடக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, சாப்பாட்டு இடைவேளையில் சத்துணவுக் கூடத்துக்குப் போய் ஒச்சம்மாளிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒச்சம்மாள் சமையல்காரி. ஆங்கிலம் எத்தனை கிலோ என்று கேட்கும் ஆள். அரிசி களைந்துகொண்டே கேட்பாள். புரிந்தால் "ம்" என்பாள். புரியாவிட்டால் "என்னத்தா ஒளர்ற" என்பாள். அவள் 'ம்' சொன்னால்தான் பொன்மலர் நோட்டை வாங்குவார்.

"ஒங்க வகுப்புக்குத் தலைமைப் பரிசோதகர் ஒச்சம்மாதானா?" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஆமாங்கய்யா. லஞ்சம் வாங்காத பரிசோதகர்" என்றார், டிபன் டப்பாவைத் திறந்தபடியே. அறை முழுக்கச் சிரித்தது. நான் பேருக்குச் சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து அவர் செய்வது எல்லாம் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி ஆயிற்று. என் வகுப்புப் பிள்ளைகள்கூட மதியம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 'ஆ' பிரிவிலிருந்து கேட்கும் சிரிப்புச் சத்தம் என் வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. அதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒரு பயிற்சிக் கையேடு போட்டார்கள். மொழிபெயர்ப்புப் பகுதியை எழுத எங்கள் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரைக் கேட்டிருந்தார்கள். உள்ளே பெயர் அச்சாகும். பதினான்கு வருஷத்தில் என் பெயர் அச்சானது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அந்த வாய்ப்பு எனக்கு வேண்டும். அதைவிட முக்கியமாக, அவருக்குக் கிடைக்கக் கூடாது.

தலைமையாசிரியர் ஜெயசிங் கணக்கு வாத்தியார். எதையும் எண்ணில் பார்ப்பார். "அரையாண்டுல அந்தக் கேள்வியில எந்தப் பிரிவு நல்லாப் பண்ணுதோ, அந்த ஆசிரியர் போகட்டும். தாள மாத்திக்கிட்டுத் திருத்துங்க. விடைக்குறிப்ப வடமலை எழுதிரட்டும், மூத்தவரு" என்றார்.

கோழியைக் காக்க நரியை வைத்த கதைதான். வடமலை என்பது நான்தான்.

தேர்வில் வந்த பத்தி இதுதான். இரண்டு சகோதரிகள் டீக்கடை நடத்துகிறார்கள், முதல் வருஷம் திண்டாடினார்கள், மூன்றாம் வருஷம்தான் லாபம் வந்தது, அவர்களைக் கேலி செய்த பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்குத் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறார். 'திண்டாடினார்கள்' என்பதை ஆங்கிலத்துக்கே உரிய வழக்கில், தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கவே கஷ்டப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது. நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சொல்கூட விடாமல் குறிப்பு எழுதினேன். 'ஆ' பிரிவின் முப்பத்தெட்டுத் தாளையும் அதை வைத்து அறுத்தேன். 'அக்காவும் தங்கையுமாக' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் அக்கா எங்கே, தங்கை எங்கே என்று அரை மார்க் வெட்டினேன். 'பிழைப்பை ஓட்டுவதே பெரும்பாடு' என்றிருந்தது. தண்ணீர் எங்கே, தலை எங்கே என்று ஒரு மார்க் வெட்டினேன். படிக்கும்போது அந்த வரிகள் நன்றாக இருந்தன என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.

'ஆ' பிரிவின் சராசரி இரண்டுக்கும் கீழே. நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் என் குறிப்பை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பார்த்துப் பொன்மலர் திருத்திய என் வகுப்பின் சராசரியும் இரண்டுதான். ஜெயசிங் இரண்டு கட்டையும் மேஜையில் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருமே பிள்ளைகளக் கொன்னு வச்சிருக்கீங்க. யாரு செஞ்சது நியாயம்?"

"விடைக்குறிப்புப்படிதான் சார் போட்டேன். ஒரு சொல் கூட்டல, கொறைக்கல" என்றேன்.

பொன்மலர் என்னோடு வாதாடவில்லை. "ஒச்சம்மாகிட்ட வாசிச்சுப் பாத்துரலாமே சார். யாரு எழுதினதுன்னு சொல்ல வேணாம்" என்றார்.

ஜெயசிங் ஆளனுப்பினார். ஒச்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஜெயசிங் முதலில் என் குறிப்பை எடுத்து வாசித்தார்.

"ஒரு தேநீர்க் கடை இரண்டு சகோதரிகளால் ஓட்டப்படுகிறது. முதல் ஆண்டில் அவர்கள் தங்கள் தலைகளைத் தண்ணீருக்கு மேலே மிகக் கடினமாக வைத்திருந்தார்கள். அது மூன்றாம் ஆண்டு வரை இல்லை, அவர்கள் இலாபம் செய்தது."

ஒச்சம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "அடப் பாவமே. ரெண்டு பொம்பளயும் கெணத்துல விழுந்துட்டாகளாக்கும். ஒரு வருசமா தூக்கிவிட ஒரு நாதி இல்லையா? அப்ப டீ யாரு சார் போட்டது?"

ஜெயசிங் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான் ஒன்றரை மார்க் போட்ட ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"அக்காவும் தங்கையுமாக ஒரு டீக்கடை நடத்துகிறார்கள். முதல் வருஷம் பிழைப்பை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. மூன்றாம் வருஷம்தான் லாபத்தைக் கண்ணில் பார்த்தார்கள்."

"ம்" என்றாள் ஒச்சம்மாள். "அப்படித்தான இருக்கும். எந்தக் கடையும் எடுத்த ஒடனே ஓடிருமா? சரி சார், ஒலை கொதிக்குது" என்று போய்விட்டாள்.

அந்த ஒரு 'ம்' என் பதினான்கு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டது. பொன்மலர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் வேறு ஒரு தாளை உருவி, "இதுல நீங்க வெட்டினது சரிதாங்கய்யா. தமிழ் அழகா இருக்கு, ஆனா 'மூணு வருஷம் கழிச்சு'ன்னு போட்டிருக்கா. மூணாவது வருஷம் வேற, மூணு வருஷம் கழிச்சு வேற. அதுக்கு மார்க் போடாதீங்க" என்றார். தன் பிள்ளைக்கே. கை கூப்பத் தோன்ற வேண்டிய இடத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

"கையேட்டுக்குப் பொன்மலர் போகட்டும்" என்றார் ஜெயசிங். "வடமலை, 'ஆ' பிரிவுத் தாள மறுபடி திருத்திக் குடுத்துருங்க."

வெளியே வரும்போது பொன்மலர் என் வகுப்புக் கட்டை என் கையில் கொடுத்தார். "ஒரு தடவ பாத்துருங்கய்யா. ஓரத்துல கொஞ்சம் எழுதியிருக்கேன்."

என்னை மட்டம் தட்டி எழுதியிருப்பார் என்றுதான் நினைத்தேன். என் வகுப்பில் முதலில் வரும் ரித்திகாவின் தாளைத் திறந்தேன். 'பிழைப்பை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது' என்று எழுதி, அதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்திருந்தாள். கீழே நடுங்கிய கையெழுத்தில் தலையையும் தண்ணீரையும் எழுதியிருந்தாள். அடித்ததற்கு மார்க் கிடையாது என்பது விதி. பொன்மலர் அந்த விதியை மீறவில்லை. இரண்டு மார்க்தான் போட்டிருந்தார். ஆனால் ஓரத்தில் சிவப்பு மையில் 'அடித்த வரிதான் சரி' என்று எழுதியிருந்தார்.

அடுத்த தாளைப் புரட்டினேன். அதிலும் ஓர் அடித்தல், ஓரத்தில் அதே குறிப்பு. அதற்கடுத்ததில் இல்லை, அதற்கும் அடுத்ததில் இருந்தது. நாற்பத்தொரு தாளில் பதினேழு. பதினேழு பிள்ளைகள் நல்ல தமிழை எழுதிவிட்டு, பிறகு என்னை நினைத்து அடித்திருந்தார்கள்.

மறுநாள் ரித்திகாவைக் கூப்பிட்டேன். "இத ஏம்மா அடிச்ச?"

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி தலையைக் குனிந்தாள்.

"தெரியாம எழுதிட்டேங்கய்யா. எங்க வீட்டுல பேசுறது வந்துருச்சு. அதான் ஒடனே அடிச்சுட்டேன்."

மதிய மணி அடித்ததும் அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, "போயி ஒச்சம்மாகிட்ட வாசி. அடிச்சத மட்டும் வாசி" என்றேன்.