தபாலில் வரவேண்டிய பேர்

என் மூத்த மகளுக்கு ஏழு வாரம் வரைக்கும் பேர் இல்லை. பாப்பா என்று கூப்பிட்டோம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், அவள் அப்பாவிடமிருந்து கடிதாசி வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது.

அவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்துக் கிராணி. கணக்கு எழுதுகிறவரின் பேரையே அங்கே இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். தோட்டத்துச் சீட்டில் ஒன்று, கப்பல் காகிதத்தில் ஒன்று. துறைமுகத்தில் நீதான் அவனா என்று இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்களாம். அந்த எரிச்சல் அவருக்கு அடங்கவே இல்லை. அடுத்த வருடம் எங்களை அழைத்துப் போகும்போது பிள்ளையின் பேரை எந்தக் குமாஸ்தாவும் ஒரே தடவையில் எழுதிவிட வேண்டும், அர்த்தமும் கேட்க இதமாக இருக்க வேண்டும் என்று பிரசவத்துக்கு முன்பே எழுதியிருந்தார். கோயில் புத்தகத்தில் ஏறும் பேர்தான் காகிதத்துக்கெல்லாம் ஆதாரம். ஆகவே, தான் சம்மதம் எழுதும்வரை ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றும் கண்டிப்பு.

கடிதாசி போகப் பதினைந்து நாள், வரப் பதினைந்து நாள். ஒரு பேருக்கு ஒரு மாதம். நான் முதலில் அருள்மொழி, மதி என்று இரண்டை எழுதினேன். ழகரம் வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்தது. மதி என்றால் மலாய்க்காரர் பேச்சில் செத்துப்போவதாம். படித்ததும் கடிதாசியைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு யோசித்து அமலி என்று எழுதினேன். மாசில்லாதவள். மாதாவின் பேருமாகும், சாமியாரும் மறுக்க மாட்டார். இங்கிலீஷில் ஐந்தே எழுத்து என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக் காட்டினார். எனக்கு அப்படி ஒரு கர்வம்.

என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, எங்களோடுதான் இருந்தார். செத்துப்போன தன் அம்மாவின் பேரான வியாகுலத்தை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வியாகுல மாதாவின் பேர்தான். ஆனாலும் துக்கம் என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதா என்று நான் முகத்தைச் சுளித்தேன். என் வீட்டுக்காரரும் அதை எழுதவே வராது என்று தள்ளிவிட்டார். மதினியும் விட்டுவிட்டார். சாமியார் மட்டும் இரண்டு தடவை கண்டித்தார். எட்டு நாளில் கொடுக்க வேண்டியதை இப்படி இழுத்தால் பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எட்டாவது வாரம் ஒரு காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் உதடு நீலமாகிவிட்டது. மதினி வண்டியை நிறுத்தச் சொல்லி கூஜாவைத் திறந்தார். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

"பேரச் சொல்லுட்டி," என்றார்.

அமலி என்று மூன்று எழுத்து. என் வாயில் வந்தது வேறு.

"அவிய கடிதாசி இன்னும் வரலியே மதினி."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி, "வியாகுலம், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றார். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதது. தண்ணீரின் குளிர்ச்சியாகக்கூட இருக்கலாம். எனக்கு அழுகை நிற்கவில்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். வீட்டுக்கு வந்தால் கடிதாசி காத்திருந்தது. அமலி அருமையான பேர், தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு சாமியாரிடம் போனேன். ஊற்றிய தண்ணீர் ஊற்றியதுதான், மறுபடி கொடுக்க முடியாது; மிச்சச் சடங்கை மட்டும் செய்து புத்தகத்தில் ஏற்றுவேன், வேண்டுமானால் அமலியையும் கூடச் சேர்க்கலாம் என்றார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். மதினி பக்கத்தில்தான் நின்றார். சேர்த்திருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் வண்டியில் நான் சொன்ன பதில் காதிலேயே நின்றது. என் பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தபோது நான் தபாலுக்குக் காத்திருந்தவள்.

"வேண்டாம் சாமி, அந்தப் பேரே இருக்கட்டும்," என்றேன்.

அன்றைக்கே அவருக்கு எழுதினேன். கோபிப்பார் என்று தெரியும். நடந்ததை எல்லாம் எழுதக் கை வரவில்லை. இரண்டே வரி எழுதி ஒட்டினேன்.

'உங்கள் அம்மா பேரை வைத்தாயிற்று. எழுதக் கஷ்டம்தான், பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.'