கருகமணிக் காட்சியில் விழுந்த இருட்டு

ஆம்பூர் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுத்து, எடிட் செய்து தருவது என் தொழில். அதை ஆண் கண் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. அதனால் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் யாரிடமும் கொடுக்க முடியாது.

அன்று அது மக்கர் செய்தது. மணப்பெண் மாலை நான்கு மணிக்கு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவள் அம்மா கல்யாணத்தையே பார்க்கவில்லை. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இருபது நிமிஷப் படம். எடிட் செய்ததை முழுப் படமாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பாதியில் நின்று சாஃப்ட்வேரே மூடிக்கொண்டது. மூன்று முறை.

வேலூரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு போன் போட்டேன்.

"மெஷின எடுத்துட்டு வாங்கக்கா, ரெண்டு நாள்ல பாத்துடலாம்."

"ரெண்டு நாளா? பொண்ணு இன்னிக்கே போவுது. இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லு, நானே பண்ணிக்கறேன்."

"கிராபிக்ஸ் கார்டுல மெமரி கம்மிக்கா. கார்ட நிறுத்திட்டு பிராசசர்லயே ரெண்டர் போடுங்க. லேட்டாவும், ஆனா நிக்காது."

அப்படியே மாற்றினேன். நிற்கவில்லை. சீக்கிரமாகவே முடிந்தது. போட்டுப் பார்த்தால், மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டும் இடத்தில் திரை கறுப்பாகிறது. வருகிறது, மறுபடி கறுப்பு. மங்கலான மண்டபத்தில் படம் புள்ளி புள்ளியாக விழுந்திருந்ததால் அந்தக் காட்சிக்குத்தான் புள்ளி நீக்கும் எஃபெக்டை அள்ளிப் போட்டிருந்தேன்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. லேட்டாகும் என்றாரே, ஏன் ஆகவில்லை?

காரணம் நானேதான். கரண்ட் போனால் உழைப்பு வீணாகக் கூடாதென்று, எடிட் செய்ததைத் துண்டு துண்டாக முன்கூட்டியே ரெண்டர் செய்து, தயார் படமாகச் சேமித்துவைப்பேன். எக்ஸ்போர்ட்டில் அந்தத் துண்டுகளையே எடுத்துக்கொள்ளச் சொல்லி டிக் போட்டிருப்பேன். அந்த எஃபெக்டில் கார்டு திணறியபோது உருவான துண்டுகளில் கறுப்பும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. கார்டை நிறுத்தி என்ன பயன்? பழைய துண்டையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம்.

டிக்கை எடுத்தேன். ரெண்டர் துண்டுகளையும் தற்காலிகக் கேஷ் கோப்புகளையும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அப்போது மணி ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாற்காலியை விட்டு எழவில்லை. கருகமணிக் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு கறுப்பும் இல்லை.

மூன்றரைக்கு அவர்கள் வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினேன். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் அருகில், புர்கா மாட்டிக் கிளம்பத் தயாராக மகள் உட்கார்ந்தாள். கருகமணி கட்டும் இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

"அழுதிருக்கியேடி. போன்ல கேட்டப்ப அழவே இல்லன்னு சொன்ன?"

"நீ ஆஸ்பத்திரில படுத்துனு அழுவியேன்னுதான்மா," என்றாள் மகள்.